ஹோட்டல் வேலையில கிடைக்கிற குரூப் லைஃப் கவர்: பல வருச அனுபவம்

நிலாவெளிப் பக்கம் ஒரு ஹோட்டல்ல எக்கவுண்ட்ஸ்ல இருக்கிறன். ஸ்டாஃப் எல்லாருக்கும் கம்பனி ஒரு குரூப் லைஃப் காப்புறுதி போட்டிருக்கு, அதோட விபத்துக் கவரும் சேர்ந்திருக்கு. மாசா மாசம் புதுசா வந்த ஆக்கள், விட்டுப் போன ஆக்கள் லிஸ்ட் காப்புறுதிக் கம்பனிக்குப் போறது எங்கட மேசையாலதான், அதால இதை உள்ளுக்க இருந்து கொஞ்ச வருசமா பாக்கிறன். எங்கட சம்பளத்தில இதுக்கெண்டு ஒரு சதமும் வெட்டுறேல்ல, பிரீமியம் முழுக்க முதலாளிதான் கட்டுறார், அது நல்ல விசயம். ஆனா சும்மா வருது எண்டதாலேயே ஒருத்தரும் அதுக்குள்ள என்ன எழுதிக் கிடக்கு எண்டு பாக்கிறேல்ல, எங்கட கிச்சன்ல வேலை செய்த ஒரு அண்ணை செத்த பிறகுதான் எல்லாரும் பொலிசிப் பேப்பரைத் தேடினவை.

முதல்ல தொகை. எங்கட பொலிசியில இருக்கிறது 36 மாச பேசிக். அண்ணைக்கு பேசிக் 52,000. கேக்க 36 மாசச் சம்பளம் எண்டா பெரிய காசு மாதிரித்தான் இருக்கும், ஆனா ஹோட்டல்காரருக்குத் தெரியும் எங்கட வீட்டு அடுப்பு எரியிறது சேவிஸ் சார்ஜாலதான் எண்டு. சீசன்ல அவருக்கு அதில மட்டும் 45,000 கிட்ட வரும், அதாவது வீட்டுக்குப் போற காசு 97,000 மட்டுல. காப்புறுதிக் கணக்கில அந்த 45,000 இல்லவே இல்ல. 52,000ஐ 36ஆல பெருக்கினா 18 இலட்சத்து 72 ஆயிரம், கைக்கு வாற சம்பளத்தில பாத்தா அது 19 மாசத்துக் காசு அவ்வளவுதான். இது காப்புறுதிக் கம்பனியிண்ட களவு இல்ல, பொலிசியில சம்பளம் எண்டா என்ன எண்டு ஒரு வரி இருக்கும், அதில பேசிக் மட்டுமெண்டு எழுதித்தான் கம்பனி வாங்கியிருக்கு, அப்பிடி வாங்கினா பிரீமியம் குறைவு.

இனி விபத்துப் பங்கு. விபத்தில செத்தா அதே அளவு தொகை இன்னொருக்கா குடுப்பினம், அப்ப மொத்தம் 37 இலட்சத்து 44 ஆயிரம். அண்ணை நைட் சிஃப்ட் முடிச்சு ரவுணுக்கு மோட்டச்சைக்கிள்ல வரேக்க மாடு குறுக்கால வந்து விழுந்தவர். இந்த ரோட்டில இரவில மாடு படுத்துக் கிடக்கிறது இஞ்ச இருக்கிற எல்லாருக்கும் தெரியும், சபைக்காரர் பிடிச்சுக் கட்டுறதும் அடுத்த கிழமை திரும்ப நிக்கிறதும் வேற கதை. தலையில அடி, இஞ்ச இருந்து வெளி மாவட்டத்துப் பெரியாஸ்பத்திரிக்கு மாத்தி, ஐ.சி.யூ.வில கிழமைக்கணக்கா இருந்துதான் செத்தவர்.

லைஃப் பங்கு சிக்கலே இல்லாம வந்திட்டுது. ஏன் செத்தார் எண்டது அதுக்குத் தேவையில்ல, லிஸ்டில பேர் இருக்கா, கடைசியா வேலை செய்த நாள் எது, இறப்பு அத்தாட்சிப் பத்திரம், அடையாள அட்டை, சம்பளச் சிட்டை, அவ்வளவுதான் கேட்டவை. விபத்துப் பங்குதான் இழுத்தது. இறப்புப் பத்திரத்தில காரணம் எண்ட இடத்தில செப்டிசீமியா எண்டு மட்டும் கிடந்தது, அதாவது இரத்தத்தில கிருமி ஏறினது. அதோட அவருக்கு சீனி வருத்தமும் இருந்தது. காப்புறுதிக்காரர் கேட்டது என்னெண்டா, இது விபத்தால வந்த சாவா இல்ல வருத்தத்தால வந்த சாவா எண்டு. பொலிசியில விபத்துச் சாவெண்டா வேற காரணம் கலக்காம அந்தக் காயத்தாலேயே, விபத்து நடந்து 180 நாளுக்குள்ள சாகவேணும் எண்டு இருக்கு. நாள் கணக்கு சரி, காரணம்தான் பிரச்சினை.

அண்ணையிண்ட மச்சான் ஒராள் நல்லா ஓடித் திரிஞ்சார். விபத்து நடந்த இடத்துப் பொலிஸ் ரிப்போட் இஞ்ச, திடீர் மரண விசாரணை அதிகாரியிண்ட அறிக்கையும் பிரேத பரிசோதனை ரிப்போட்டும் அங்க. கடைசியில காரியத்தைச் சரியாக்கினது அந்தப் பிரேத பரிசோதனை ரிப்போட்தான், அதில சட்ட வைத்திய அதிகாரி தலைக்காயம், அதால நினைவில்லாமப் படுத்தது, அதால நெஞ்சில சளி கட்டினது, அதால கிருமி ஏறினது எண்டு வரிசையா எழுதியிருந்தவர். ஐ.சி.யூ. டிக்கெட்டின்ர கொப்பியில முதல் நாள் சீனி அளவும் இருந்தது, அது கட்டுப்பாட்டில இருந்ததெண்டு காட்டினது. குடிச்சிருந்தாரா, லைசன்ஸ் இருந்ததா எண்டும் கேட்டவை, ரெண்டும் பேப்பர்ல தெளிவா இருந்ததால அது அப்பிடியே போட்டுது. அதால அடிபட்டு ஆஸ்பத்திரியில கிடந்து செத்தா, இறப்புப் பத்திரத்தில கடைசிக் காரணம் மட்டும் எழுதிக் கிடந்தாலும் பயப்பிடாதைங்கோ, விபத்தையும் சாவையும் கோக்கிற பேப்பர் வேற இடத்தில இருக்கும், அதைத்தான் எடுக்கவேணும்.

காசு ஆருக்குப் போச்சு எண்டதுதான் அடுத்தது. வேலைக்குச் சேரேக்க அவர் கலியாணம் முடிக்கேல்ல, தான் செத்தா காசு ஆருக்கெண்டு எழுதிக் குடுக்கிற நியமனப் போர்ம்ல அம்மாவிண்ட பேர். பிறகு மனிசி, ரெண்டு பிள்ளையள் எல்லாம் வந்தும் அந்தப் போர்ம் அப்பிடியே ஃபைல்ல கிடந்தது. காப்புறுதிக் காசு அம்மாண்ட பேருக்குத்தான் வந்தது. அந்த அம்மா தங்கமான மனிசி, செக் மாறின அண்டைக்கே மருமகளையும் கூட்டிக்கொண்டு பாங்குக்குப் போய் பிள்ளையளிண்ட பேர்ல பாதியைப் போட்டவ. மாமியும் மருமகளும் கதையாத வீடா இருந்திருந்தா இது கோட்டில போய் நிண்டிருக்கும். காப்புறுதிப் போர்ம் வேற, ஈ.பி.எஃப். நியமனம் வேற, ஒண்டை மாத்தினா மற்றது தானா மாறாது.

இன்னொண்டையும் கனபேருக்குத் தெரியாது, எங்கட எச்.ஆர். பெடியனுக்கே தெரியாமத்தான் இருந்தது. குரூப் பொலிசிக் காசு கிடைச்சா முடிஞ்சுது எண்டில்ல. வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் 1934இல இருந்தே இருக்கு, 2022இல திருத்தினதோட வேலைக்குப் போகேக்க வரேக்க வழியில நடக்கிற விபத்தும் அதுக்குள்ள வந்திட்டுது. அண்ணை வேலை முடிச்சு வீட்ட வந்த வழியிலதானே விழுந்தவர். அது முதலாளியிண்ட சட்டக் கடமை, அந்தக் காசை நட்டஈட்டு ஆணையாளரிட்டக் கட்டவேணும், அவர்தான் சார்ந்திருந்த ஆக்களுக்குப் பிரிச்சுக் குடுப்பார், அதில நியமனப் போர்ம் வேலை செய்யாது, மனிசிக்கும் பிள்ளையளுக்கும் பங்கு நேரா வரும். தொழில் திணைக்களத்தில ஒரு ஐயா சொல்லித்தான் அதுக்கும் எழுதிப் போட்டவை. அதோட பணிக்கொடை, 11 வருசம் முழுசா முடிச்சதால அரை மாசப் பேசிக் 26,000ஐ 11ஆல பெருக்கி 2 இலட்சத்து 86 ஆயிரம், அதை ஹோட்டலே குடுத்தது, ஆள் செத்தாலும் வாரிசுக்குக் குடுக்கத்தான் வேணும். ஈ.டி.எஃப்.லயும் அங்கத்தவர் செத்தா ஈ.டி.எஃப். மிச்சத்தைவிட வேற ஒரு மரண உதவியும் இருக்கு, கேட்டு எழுதினாத்தான் வரும்.

எனக்கு இந்தக் கவர்ல பிடிக்காத இடம், வேலையை விட்ட நாளோட முடியிறது. சீசன் முடிய ஒரு ஹோட்டலை விட்டு அடுத்த சீசனுக்கு உப்புவெளியில இன்னொண்டுல சேருற பெடியள் கனபேர், இடையில வாற அந்த மழை மாசங்கள்ல அவையளுக்கு ஒரு கவரும் இல்ல. புது இடத்தில சேர்ந்தாலும் லிஸ்டில பேர் போனாத்தான் கணக்கு. கன ஹோட்டல்ல ப்ரொபேசன் முடிஞ்ச பிறகுதான் பேரை அனுப்புறவை, அதால சேர்ந்த மாசமே என்ர பேர் போட்டுதா எண்டு எக்கவுண்ட்ஸ்ல கேக்கலாம், எங்களிட்ட லிஸ்ட் இருக்கும், பாத்துச் சொல்ல ரெண்டு நிமிசம் போதும்.