இருந்தது, இருக்கிறது, இருக்கும்: ஆய்வறிக்கையில் எந்தக் காலம் எங்கே பொருந்தும்?

எர்ணாவூரில் ஒரு வீட்டு ஆழ்துளைக் கிணற்று நீரில் குளோரைடு எவ்வளவு என்று அளந்து எழுதப்படும் மாணவர் அறிக்கை ஒன்றை எடுத்துக்கொள்வோம். கடலை ஒட்டிய வடசென்னைத் தெருக்களில் போர் தண்ணீர் கரிப்பதை வாயே சொல்லிவிடும் என்பதால், இங்கே வேதியியல் கற்பிக்கும் எனக்கு இது ஆண்டுதோறும் கைக்கு வரும் தலைப்பு. அளவீடு பெரும்பாலும் சரியாகவே இருக்கும். வினைமுற்றின் காலம்தான் வாக்கியத்துக்கு வாக்கியம் தடம் மாறும். கீழே வரும் எண்கள் விளக்கத்துக்காக நான் அமைத்தவை.

செய்முறைப் பகுதியில் மூன்று வடிவங்கள் போட்டியிடுகின்றன. ‘25 மில்லிலிட்டர் நீரில் பொட்டாசியம் குரோமேட்டு சேர்க்கவும்’ என்பது ஆய்வகக் கையேட்டின் நடை. ‘சேர்க்கப்படுகிறது’ என்பது கரும்பலகைக்கு முன் நின்று செய்துகாட்டும் ஆசிரியரின் நடை. ‘சேர்க்கப்பட்டது’ அல்லது ‘சேர்த்தோம்’ என்பதே அறிக்கையின் நடை. முதலிரண்டும் என்ன செய்ய வேண்டும் என்பதையும் எப்படிச் செய்வது வழக்கம் என்பதையும் சொல்கின்றனவே தவிர, இந்த மாணவர் அன்று உண்மையில் என்ன செய்தார் என்பதற்குப் பொறுப்பேற்பதில்லை. இந்தத் தரம்பார்த்தலில் வெள்ளி நைட்ரேட்டைப் பியூரெட்டிலிருந்து சிறிது சிறிதாக நீரில் சேர்ப்போம். குளோரைடு தீர்ந்ததும் குரோமேட்டால் செங்கல் நிறம் தோன்றுவதே முடிவுநிலை. கரைசலின் பிஎச் ஏறத்தாழ 7-க்கும் 10-க்கும் இடையே இருக்க வேண்டும். அமிலத்தன்மை மிகுந்தால் குரோமேட்டு டைகுரோமேட்டாக மாறத் தொடங்கி, முடிவுநிலை தாமதமாகி, குளோரைடு உள்ளதைவிடக் கூடுதலாகக் கணக்கில் வரும். ஆகவே ‘பிஎச் சரிசெய்யப்படுகிறது’ என்று எழுதியிருந்தால் சரிசெய்தார்களா என்ற ஐயம் எனக்கு எழுகிறது, ‘பிஎச் 7.4 ஆக இருந்தது. சரிசெய்யத் தேவைப்படவில்லை’ என்று எழுதியிருந்தால் ஐயம் தீர்கிறது.

இங்கே நான்காவதாக ஒரு வடிவமும் நுழைந்துவிடுகிறது: ‘மாதிரி சேகரிக்கப்பட்டுள்ளது.’ செய்தித்தாள் நடையிலிருந்து வந்து படிந்த பழக்கம் இது. ‘உள்ளது’ என்பதைச் சேர்த்தால், செயல் முடிந்தும் அதன் நிலை இன்றும் தொடர்வதாகப் பொருள்படும். கேட்டால் அந்தப் புட்டியை எடுத்துக் காட்ட முடியும் என்பது போல. தரம்பார்த்தலில் நீர் முழுவதும் தீர்ந்துபோயிருந்தால் ‘சேகரிக்கப்பட்டது’ என்பதே உண்மை. முன்பே பிறர் செய்த ஆய்வைச் சுட்டும்போது மட்டும் ‘ஆராயப்பட்டுள்ளது’ என்பதை நான் ஏற்கிறேன். அந்த அறிவு இன்றும் நிற்கிறது அல்லவா?

முடிவுகளுக்கு வருவோம். பியூரெட்டில் 0.0141 நார்மல் வெள்ளி நைட்ரேட்டு 24.2 மில்லிலிட்டர் செலவானது. மாதிரிக்குப் பதில் காய்ச்சி வடித்த நீரை வைத்துச் செய்த வெற்றுச் சோதனைக்கு 0.2 செலவானது. வேறுபாடான 24.0-ஐ 0.0141-ஆலும், குளோரைடின் சமான எடையிலிருந்து வரும் 35,450-ஆலும் பெருக்கி, மாதிரியின் 25 மில்லிலிட்டரால் வகுத்தால், லிட்டருக்கு ஏறத்தாழ 480 மில்லிகிராம் கிடைக்கும். இப்போது இரண்டு வாக்கியங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: ‘கிணற்று நீரில் குளோரைடு 480 மில்லிகிராம் இருக்கிறது’, ‘மே மாதம் எடுத்த மாதிரியில் குளோரைடு 480 மில்லிகிராம் இருந்தது.’ முதல் வாக்கியம் கிணற்றைப் பற்றிய தீர்ப்பு. இரண்டாவது, கையில் இருந்த மாதிரியைப் பற்றிய சாட்சியம். வடகிழக்குப் பருவமழை நிலத்தடியில் இறங்கிய பிறகு அதே கிணற்றில் அளவு மாறியிருக்கலாம். அப்போது முதல் வாக்கியம் பொய்யாகிவிடும், இரண்டாவதை எந்த மழையும் தொடாது. எனவே அளவீட்டுக்கு இறந்தகாலத்தையே நான் வலியுறுத்துகிறேன். ‘அட்டவணை 1 அளவீடுகளைக் காட்டுகிறது’ என்பதில் நிகழ்காலம் சரியே, ஏனெனில் வாசகர் பார்க்கும் அந்தக் கணத்திலும் அட்டவணை அங்கேயே இருக்கிறது.

உண்மையான போட்டி பொது உண்மைகளில்தான் நடக்கிறது. ‘வெள்ளி நைட்ரேட்டு குளோரைடுடன் வினைபுரிந்து வெண்ணிற வீழ்படிவைத் தருகிறது’ என்பதா, ‘தரும்’ என்பதா? ஆங்கிலப் பாடநூல் இதற்கு நிகழ்காலத்தை ஆள்வதால், அதைப் பார்த்து எழுதுவோர் கை தானாகவே ‘தருகிறது’ என்பதற்குப் போகிறது. அதைப் பிழை என்று ஒதுக்கவும் முடியாது: முக்காலத்திலும் ஒத்து இயலும் பொருளை நிகழ்காலத்தால் சொல்வர் என்று நன்னூல் விதிக்கிறது, தொல்காப்பியமும் அதே கருத்தைச் சொல்கிறது. ஆனால் தொல்காப்பியத்தில் ‘செய்யும்’ என்ற வாய்பாடே நிகழ்காலத்துக்கு உரியது. ‘மலை நிற்கும்’, ‘தீச் சுடும்’ என்பவை உரைகாரர்கள் காட்டும் எடுத்துக்காட்டுகள். ‘-கிறு’, ‘-கின்று’ இடைநிலைகள் பிற்காலத்தில் பரவிய பின் ‘செய்யும்’ எதிர்காலம் என்று பெயர் பெற்றது. இயல்பைச் சொல்லும் பழைய வேலையை மட்டும் அது கைவிடவில்லை. அடுப்படியில் ‘நெருப்பு சுடும்’ என்று குழந்தையை எச்சரிக்கிறோம். ‘சுடுகிறது’ என்றால் இப்போது கை சுடுகிறது என்றே பொருள்.

அந்த வேறுபாடு ஆய்வறிக்கையில் பெரிதும் உதவுகிறது. ‘குளோரைடு தீர்ந்ததும் செங்கல் நிறம் தோன்றுகிறது’ என்ற வாக்கியம் அன்றைய குடுவையில் கண்டதைச் சொல்கிறதா, வேதியியல் விதியைச் சொல்கிறதா என்று வாசகர் தயங்க நேரும். ‘தோன்றியது’ என்றால் கண்டது. ‘தோன்றும்’ என்றால் விதி. இரண்டுக்கும் இவ்வளவு தெளிவான வடிவங்கள் மொழியில் இருக்கும்போது, நடுவில் நின்று இரண்டையும் குழப்பும் ‘தோன்றுகிறது’ என்பதை நான் விரும்புவதில்லை.

‘செய்யும்’ வடிவத்துக்கும் ஓர் எல்லை உண்டு. ‘மழைக்குப் பின் இக்கிணற்றில் குளோரைடு குறையும்’ என்பது நிறுவப்பட்ட இயல்பா, மாணவரின் கணிப்பா என்று தெரியவில்லை. கணிப்பு என்றால் ‘குறையக்கூடும்’ என்று எழுதிவிட வேண்டும். இனி, நிலையான அளவுகளுக்கு வினைமுற்றே தேவையில்லாத இடமும் உண்டு: ‘இந்தியக் குடிநீர்த் தரத்தின்படி குளோரைடின் ஏற்கத்தக்க வரம்பு லிட்டருக்கு 250 மில்லிகிராம், மாற்று நீர் ஆதாரம் இல்லாதபோது அனுமதிக்கத்தக்க வரம்பு 1000 மில்லிகிராம்.’ வாக்கியம் பெயரோடு முடிந்துவிடுகிறது. காலச் சிக்கல் எழவே இல்லை.

எதிர்மறையில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும், ஏனெனில் ‘மாறவில்லை’ என்ற சொல் இறந்தகாலத்துக்கும் நிகழ்காலத்துக்கும் பொதுவானது. ‘நிறம் மாறவில்லை’ என்பதோடு ‘10 நிமிடம் வரை’ என்பது போன்ற கால அளவைச் சேர்த்தால் அது கண்டதாக நிலைபெறும். ‘நிறம் மாறுவதில்லை’, ‘மாறாது’ என்ற இரண்டும் விதியின் பக்கம் நிற்பவை. ஒரே ஒரு குடுவையைப் பார்த்துவிட்டு அவற்றை எழுதக் கூடாது.

அந்த எர்ணாவூர் அறிக்கையின் முடிவுரையை நான் இவ்வாறு திருத்துவேன்: ‘மே மாதத்தில் எடுத்த மாதிரியில் குளோரைடு லிட்டருக்கு 480 மில்லிகிராம் இருந்தது. இது ஏற்கத்தக்க வரம்பான 250-ஐ விட அதிகம், 1000-க்குக் குறைவு. நிலத்தடியில் கடல்நீர் ஊடுருவினால் குளோரைடு உயரும். இக்கிணற்றிலும் அது காரணமாக இருக்கக்கூடும். ஆனால் அதைச் சோதிக்கும் அளவீடு எதையும் நாங்கள் செய்யவில்லை.’