குக்கர் படமும் பூட்டாத மூடியும்: 14 மாத அனுபவம்

திருமங்கலத்துல கவரிங் நகைக்கடை வச்சிருக்கிற நண்பன் நேத்து போன்ல கேட்டான்: "மாப்ள, அந்தப் படம் உருவாக்குற ஏஐ-க்கு இப்ப விலை குறைச்சிருக்காங்களாமே, வாங்கலாமா?" அவனுக்குப் பதில் சொல்ல உட்கார்ந்தது இவ்வளவு நீளமாப் போச்சு.

நான் மதுரையில பாத்திரக் கடைகளுக்கு நோட்டீஸ், பிளெக்ஸ், ஆன்லைன் விற்பனைப் படங்கள் செஞ்சு கொடுக்கிறவன். நிஜக் குக்கரை போன்ல ஒரு படம் எடுத்து உள்ளே போட்டா, பின்னாடி அடுப்படி, ஆவி, காலை வெயில் எல்லாத்தையும் அதுவே வரைஞ்சு தரும். அந்த ஆவி இருக்கே, ஸ்டுடியோவுல அரை நாள் மெனக்கெட்டாலும் எனக்கு அப்படி வராது. இதை ஒத்துக்கிட்டுத்தான் மத்ததைச் சொல்லணும்.

போன தீபாவளிக்கு ஒரு கடைக்கு 5 லிட்டர் எவர்சில்வர் குக்கர் படம் செஞ்சேன். முதலாளி அண்ணாச்சி வாட்ஸ்அப்ல பார்த்து "பிரமாதம் தம்பி"ன்னார். 12 அடி பிளெக்ஸ் வாசல்ல ஏறின அன்னைக்கு, அந்தக் கடையில கேஸ்கெட் மாத்திக் கொடுக்கிற பெரியவர் அண்ணாந்து பார்த்துட்டு ஒரே வார்த்தை சொன்னார்: "மூடி பூட்டலையேப்பா."

அது வெளி மூடி போட்ட குக்கர். பூட்டினா மூடியோட கைப்பிடி கீழ்க் கைப்பிடிக்கு நேர் மேலே வந்து உட்காரணும். படத்துல ரெண்டுக்கும் கட்டை விரல் அகலம் விலகல். அப்படியிருந்தும் வெயிட்டுல இருந்து ஆவி பீறிக்கிட்டு வருது! பூட்டாத குக்கர்ல பிரஷர் எப்படி ஏறும்? நான் கொடுத்த படத்துல கைப்பிடி சரியாத்தான் இருந்துச்சு. பின்னணியை மட்டும் மாத்துன்னு சொன்னாலும் இந்தக் கருவி பொருளையும் சேர்த்துத் திரும்ப வரைஞ்சிடுது. பிளெக்ஸ் காசு என் கையை விட்டுப் போச்சு.

அதுக்கப்புறம் எந்தப் படத்தையும் போன்ல பார்த்து முடிவு பண்றதில்ல. நிஜப் படத்தைப் பாதி ஊடுதெரியிற மாதிரி மேலே வச்சுப் பார்ப்பேன். விளிம்பு எங்க ரெட்டையாத் தெரியுதோ அங்க அது கை வச்சிருக்கு. அடுத்து வாய் வட்டத்தையும் அடி வட்டத்தையும் பார்ப்பேன். கொஞ்சம் மேலே இருந்து பார்க்கிற கோணத்துல வாய் ஒடுங்கின நீள்வட்டமாவும், அடிப்பக்கம் அதைவிட நல்லா வளைஞ்சும் தெரியணும். இது அடியை நேர்கோடா இழுத்து வச்சிடும். பாத்திரம் மேடையில உட்காராம ஒட்டி வச்ச மாதிரி இருக்கும். பார்க்கிறவனுக்கு ஏன்னு சொல்லத் தெரியாது, ஆனா உறுத்தும்.

என் தூக்கத்தைக் கெடுக்கிறது பிரதிபலிப்பு. எவர்சில்வர் உடம்பு உருளைக் கண்ணாடி மாதிரி. எதிர்ல உள்ள ஜன்னல் அதுல ஒல்லியான செங்குத்துப் பட்டையாத்தான் தெரியும். பக்கத்துல தக்காளி வச்சா, அந்தச் சிவப்பு ஒடுங்கிப்போய் உடம்புல விழணும். ஒரு படத்துல வலது பக்கம் மூணு தக்காளி, குக்கர் உடம்புல ஒண்ணுகூட இல்ல. இடது பக்கம் மட்டும் ஜன்னல் வெளிச்சம் பளிச்சுனு அடிக்குது, குக்கரோட நிழலும் இடது பக்கமே சாயுது. வெளிச்சம் வர்ற பக்கமே நிழல் விழுமா? இதைக் கண்டுபிடிக்கப் படத்தை இடம் வலமாத் திருப்பிப் போட்டுப் பார்ப்பேன். பழகின கண்ணு அப்பத்தான் முழிச்சுக்கும்.

எழுத்து விஷயத்துல நான் நம்புறதையே விட்டுட்டேன். ஐஎஸ்ஐ முத்திரைக்கு மேலே IS 2347-னு இருக்கணும், அது வீட்டுக் குக்கருக்கான தர எண். கீழே CM/L-னு உரிம எண். இது 2374-னு போட்டு, கீழே எறும்பு ஊர்ந்த மாதிரி எதையோ கிறுக்கி வச்சிருந்துச்சு. அப்படியே அச்சுக்குப் போனா நல்ல கடைச் சரக்கு போலி முத்திரைச் சரக்காத் தெரியும். இப்பல்லாம் லோகோ, முத்திரை இருக்கிற இடத்தை முதல்ல மழிச்சிடுவேன். பிறகு கம்பெனி கொடுத்த அசல் கோப்பை வளைச்சு ஒட்டுவேன். எழுத்து வரி, குக்கரோட அடி விளிம்பு வளைவுக்கு இணையாத் தொங்கணும், ஓரத்து எழுத்துகள் ஒடுங்கணும். நேரா ஒட்டினா ஸ்டிக்கர் மாதிரி நிக்கும்.

கடைசியா வந்து நின்ன வழி இது: பின்னணியை மட்டும் அதுகிட்ட வாங்கிக்கிட்டு, நிஜக் குக்கரை வெட்டி மேலே வைக்கிறேன். அப்பவும் புதுப் பின்னணியோட நிறத்தை உடம்புல நானே பூசணும். ஒரு படத்துக்கு 40 நிமிஷம். சும்மா சொல்லக்கூடாது, அது 40 செகண்டுல முடிச்சுக் கொடுத்ததைத்தான் நான் 40 நிமிஷம் திருத்திக்கிட்டிருக்கேன்.

அடுத்த வருஷச் சந்தாவும் கட்டிட்டேன், அந்த ஆவிக்காக. ஆனா நீ வாங்காதடா. உன் சரக்கு மொத்தமும் பளபளப்பு, ஒரு ஆரத்துல எத்தனை கல்லுன்னு எண்ணிப் பார்க்கிற வாடிக்கையாளர் உனக்கு. எனக்காவது கேஸ்கெட் பெரியவர் இருக்கார். இப்ப அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி எல்லாப் படத்தையும் அவர்கிட்டத்தான் காட்டுறேன், ஒரு டீ வாங்கிக் கொடுத்து.