பினாப்தலீன், மெத்தில் ஆரஞ்சு: குளத்துத் தண்ணீரில் காரத்தன்மை பார்த்த அனுபவம்

பாகூர் பக்கத்து மீன் குளங்கள், கடலூர் சுற்றுவட்டாரத்து போர் தண்ணீர், கிள்ளை பக்கம் சில இறால் பண்ணைகள். இவற்றுக்கெல்லாம் தண்ணீர் பார்த்துச் சொல்வது என் வேலை. சொட்டு எண்ணும் கிட், பி.எச். மீட்டர், பட்டை என்று எல்லாம் கையில் இருக்கிறது. ஆனாலும் காரத்தன்மை என்றால் பல வருஷமாக நான் நம்பி எடுப்பது ஒரு பியூரெட்டையும் இரண்டு நிறங்காட்டி பாட்டிலையும்தான். அதில் எந்த எண்ணை நம்பலாம், எதை எப்போது நம்பக்கூடாது என்பதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

முறை எல்லாருக்கும் தெரிந்ததுதான். 100 மி.லி. தண்ணீர் கூம்புக் குடுவையில். பினாப்தலீன் இரண்டு மூன்று சொட்டு. இளஞ்சிவப்பு வந்தால் 0.02 N கந்தக அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நிறம் போகும் இடத்தில் பியூரெட்டைப் படிக்க வேண்டும், அது P. பி.எச். அங்கே சுமார் 8.3. அப்புறம் அதே குடுவையில் மெத்தில் ஆரஞ்சு விட்டு, மஞ்சள் மாறத் தொடங்கும் வரை அமிலம். அந்த வாசிப்பு T. பியூரெட்டை நடுவில் நிரப்பாமல் தொடர்ந்திருந்தால், பூஜ்யத்திலிருந்து அதுவரை இறங்கிய மொத்தமும் T. புதிதாக வரும் பசங்க பலர் இரண்டாம் கட்டத்தில் இறங்கியதை மட்டும் T என்று எழுதிவிடுவார்கள். P இல்லாத தண்ணீரில் இது தெரியாது, P இருக்கும் தண்ணீரில்தான் கணக்கு உதைக்கும்.

```
காரத்தன்மை (மி.கி./லி., CaCO3 ஆக) = அமிலம் மி.லி. × N × 50000 ÷ மாதிரி மி.லி.
```

அமிலம் சரியாக 0.02 N, மாதிரி 100 மி.லி. என்றால் மி.லி.யைப் பத்தால் பெருக்கினால் போதும். இந்த 50000 எங்கிருந்து வருகிறது என்று கேட்பவர்களுக்கு: கால்சியம் கார்பனேட்டின் சமான எடை 50, அதை மில்லிகிராமாக்க ஆயிரம். தண்ணீரில் சுண்ணாம்புக்கல் கரைந்திருக்கிறது என்று இதற்கு அர்த்தம் இல்லை. அமிலத்தை விழுங்கும் சக்தி எவ்வளவோ, அதே அளவு விழுங்கும் கால்சியம் கார்பனேட்டின் எடையாக அதைச் சொல்கிறோம், அவ்வளவுதான். இதில் ஒரு லாபம் உண்டு. கடினத்தன்மையும் இதே அலகில் வருவதால் இரண்டையும் நேராக ஒப்பிடலாம். ஒரு போர் தண்ணீரில் கடினத்தன்மை 120, காரத்தன்மை 310 என்று வந்தால், மிச்சம் 190க்குக் கால்சியமும் மெக்னீசியமும் துணை இல்லை. பெரும்பாலும் சோடியம் பைகார்பனேட்தான். இப்படிப்பட்ட தண்ணீரை மீன் குளத்துக்கு விட்டால் பாசி ஏறும்போது பி.எச். எகிறும், ஏனென்றால் கார்பனேட்டைப் பிடித்து அடியில் உட்கார வைக்கக் கால்சியம் போதாது.

சரி, முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். பாகூர் பக்கத்தில் ஒரு கெண்டைக் குளம். நல்ல பச்சைத் தண்ணீர். காலை வெயில் ஏறுவதற்கு முன் கரையிலேயே பார்த்தபோது பி.எச். 7.6. பினாப்தலீன் விட்டதும் நிறமே இல்லை, P பூஜ்யம். மெத்தில் ஆரஞ்சுக்கு 18.6 மி.லி. போனது. ஆக 186, எல்லாமே பைகார்பனேட். அன்றே மாலை நாலு மணிக்கு அதே இடத்தில் பி.எச். 9.2. இப்போது இளஞ்சிவப்பு வந்தது, 1.4 மி.லி.யில் போனது. மொத்தம் 18.4. குளத்துக்காரருக்குச் சந்தேகம்.

"என்ன சார், காலையில கார்பனேட் இல்லேன்னீங்க, இப்ப இருக்குங்கறீங்க. நான் சுண்ணாம்பு எதுவும் போடலையே?"

"நீங்க போடலண்ணே, பாசி செஞ்ச வேலை. மொத்தத்தைப் பாருங்க, அது அப்படியேதான் இருக்கு."

P, T-யில் பாதிக்கும் குறைவு என்றால், கார்பனேட் 2P, மிச்சம் பைகார்பனேட். இங்கே கார்பனேட் 28, பைகார்பனேட் 156, இரண்டும் CaCO3 ஆக. பகலில் பாசி கரியமில வாயுவை இழுக்கும்போது நடப்பது இது:

```
2HCO3-  →  CO3(2-) + CO2 + H2O
```

இரண்டு பைகார்பனேட் சேர்ந்து இரண்டு பங்கு அமிலம் வாங்கும். அவற்றிலிருந்து வரும் ஒரு கார்பனேட்டும் அதே இரண்டு பங்கு வாங்கும். அதனால் T அசையாது, P மட்டும் முளைக்கும். காலைக்கும் மாலைக்கும் வந்த 0.2 மி.லி. வித்தியாசம் கண்ணின் தடுமாற்றத்துக்குள் அடங்கிவிடும். மாலையில் T இருபது முப்பது என்று நிஜமாகவே இறங்கி, செடியின் இலையிலும் கரையோரக் கல்லிலும் வெள்ளைப் படிவு தெரிந்தால் அது வேறு கதை: கால்சியம் கார்பனேட் வெளியே விழுகிறது.

இதிலிருந்து வருவதுதான் நான் எல்லாரிடமும் சொல்வது. T தண்ணீரின் குணம். பாட்டிலில் கொண்டுவந்தாலும் பெரும்பாலும் தாங்கும். P அந்த நேரத்து நிலை. பாட்டில் மூடியைத் திறந்த நிமிஷத்திலிருந்து மாற ஆரம்பிக்கும். மாலைக் குளத்து நீர் கரியமில வாயுப் பசியோடு இருக்கிறது, காற்றிலிருந்து வாங்கி P குறையும். போர் தண்ணீர் நேர் எதிர்: நிலத்தடியில் வாயு நிறைந்து பி.எச். 7 வாக்கில் வரும். பாதி நிரம்பிய பாட்டிலில் ஸ்கூட்டரில் குலுங்கி வந்தால் வாயு கிளம்பிவிடும், பி.எச். 8.3-ஐத் தாண்டி, கிணற்றில் இல்லாத P லேபில் தோன்றும். ஆகவே பாட்டிலை வழிய வழிய நிரப்பி, காற்றுக்குமிழி இல்லாமல் மூடி, குளிர்ச்சியில் கொண்டு வரச் சொல்கிறேன். குளத்தின் P வேண்டும் என்றால் பியூரெட்டையே கரைக்கு எடுத்துப் போவதுதான் வழி. வடிகட்டவும் வேண்டாம், மிதக்கும் கார்பனேட் துகளும் அமிலம் வாங்கும், வடிகட்டினால் அதுவும் போய்விடும்.

நிறம் மாறி அமிலத்தை நிறுத்தும் இந்த இரண்டு முனைகளில் எனக்குத் தலைவலி தந்தது மெத்தில் ஆரஞ்சுதான். அது பி.எச். 4.4-லிருந்து 3.1 வரை மெதுவாக மாறும். மஞ்சளில் லேசாக ஆரஞ்சு சாயல் வந்ததும் நிறுத்த வேண்டும். "நல்லா சிவக்கட்டும்" என்று காத்திருந்தால் 3.1 வரை போய்விடும். அங்கே தண்ணீரில் சும்மா கிடக்கும் அமிலமே லிட்டருக்குச் சுமார் 40 மி.கி. CaCO3க்குச் சமம். நிஜத்தில் 186 இருக்கும் ஒரு குடிநீர் மாதிரி அப்போது 225 வாக்கில் வரும். IS 10500 குடிநீர்த் தரத்தில் ஏற்கத்தக்க அளவு 200, மாற்று நீர் ஆதாரம் இல்லாத இடத்தில் 600 வரை. ஆக, நல்ல தண்ணீரை வரம்பு மீறிய தண்ணீராக எழுதிவிட ஒரு கண் போதும்.

இதற்கு என் வழி: இன்னொரு குடுவையில் அதே மாதிரி நீரும் அதே அளவு மெத்தில் ஆரஞ்சும், அமிலம் இல்லாமல், பக்கத்தில் வெள்ளை ஓட்டின் மேல். இரண்டையும் பார்த்துக்கொண்டே விட்டால் முதல் மாற்றம் தெரியும். சொட்டை அதிகம் விடாதீர்கள், நிறம் அடர்ந்தால் மாற்றம் மங்கும். மஞ்சள் பல்பின் கீழ் இந்த வேலையே வேண்டாம். கரண்ட் போய் எமர்ஜென்சி விளக்கில் செய்த வாசிப்பை நான் எழுதுவதில்லை. காரத்தன்மை குறைவான தண்ணீருக்கு, 50க்குக் கீழே என்று வைத்துக்கொள்ளுங்கள், முனை 4.9 பக்கம் ஏறிவிடும். மெத்தில் ஆரஞ்சு அங்கே தாமதமாகத்தான் சொல்லும். அதற்கு புரோமோகிரெசால் பச்சையும் மெத்தில் சிவப்பும் கலந்த நிறங்காட்டி எடுக்கிறேன். நீலப்பச்சை சாம்பலாகி இளஞ்சிவப்பாகும், கண்ணுக்குக் கூர்மை. இப்போது மற்ற தண்ணீருக்கும் அதையேதான் அதிகம் எடுக்கிறேன், பினாப்தலீன் இடத்தை மட்டும் யாரும் பிடிக்கவில்லை. குழாய் நீரில் குளோரின் இருந்தால் நிறங்காட்டியே வெளுத்துவிடும். முதலில் சோடியம் தயோசல்பேட் ஒரு சொட்டு விட்டுவிட்டால் அந்தத் தொல்லை இல்லை.

அமிலத்தைச் சரிபார்க்கச் சோடியம் கார்பனேட்தான். 250 டிகிரியில் நன்றாகக் காயவைத்து ஆற்றி, 1.06 கிராமைக் கொதிக்கவைத்து ஆற வைத்த காய்ச்சி வடித்த நீரில் ஒரு லிட்டராக்கினால் 0.02 N. அதில் 25 மி.லி. எடுத்தால் சரியான அமிலத்துக்கு T 25 மி.லி. வரவேண்டும். இந்த ஒரே பரிசோதனை உங்கள் பினாப்தலீன் முனையையும் பரிசோதிக்கும்: சுத்தக் கார்பனேட் என்பதால் P அதில் பாதி, 12.5 மி.லி. வாக்கில். T சரியாக வந்து P தெளிவாகக் குறைந்தால் கரைசல் காற்றிலிருந்து கரியமில வாயுவை வாங்கி, அதில் பைகார்பனேட் கலந்திருக்கிறது. அமிலத்தை வேகமாகக் கொட்டிக் கலக்கினால் அந்த இடத்தில் மட்டும் வாயு கிளம்பி P கூடும். இளஞ்சிவப்பு சட்டென்று போகாது, தேய்ந்து தேய்ந்து போகும், பழகக் கொஞ்சம் நாளாகும்.

கிட்டைக் குறை சொல்ல மாட்டேன். சொட்டுக்கு இத்தனை என்று ஏறும் அது, "நூறா, இருநூறா" என்ற கேள்விக்குப் போதும். 186க்கும் 160க்கும் வித்தியாசம் வேண்டும் என்றால் பியூரெட் வேண்டும்.

உப்பு நீரில் மட்டும் இந்த முறை பாதிதான் உதவும். கிள்ளை, பரங்கிப்பேட்டை பக்கம் வெள்ளாற்று முகத்துவாரத்து நீர் எடுக்கும் இறால் குளங்களில் T ஒழுங்காக வரும். கடல்நீருக்கே 115 வாக்கில்தான். ஆனால் உப்பில் கார்பனேட் சமநிலை இடம் மாறிவிடுகிறது. பி.எச். 8.1 உள்ள கடல்நீரில் பினாப்தலீன் நிறம் காட்டாது, ஆனாலும் கார்பனேட் கணிசமாக இருக்கும். போரேட்டும் தன் பங்குக்கு அமிலம் வாங்கும். 2P கணக்கு அங்கே பொருந்தாது. அதனால் இறால் பண்ணை அறிக்கையில் P கட்டத்தில் கோடு போட்டுவிட்டு, T-யையும், கரையில் எடுத்த பி.எச்., உப்பளவு, நேரம் ஆகியவற்றையும் மட்டும் எழுதித் தருகிறேன்.