விபிஎன் போட்ட பிறகும் வெளியே தெரிவது எது? ஹாட்ஸ்பாட்டில் நீண்ட நாள் பயன்பாட்டு அனுபவம்

தருமபுரி மாவட்டத்தில் ஃபைபர் வராத ஊர்களில் லேப்டாப்புக்கு நெட் என்றால் போன் ஹாட்ஸ்பாட்தான். நம் இணையத் தரவை வேறொரு சர்வர் வழியே மறைத்து அனுப்பும் விபிஎன் போனில் ஓடினால் லேப்டாப்பும் அதற்குள்ளேயே போகும் என்று பலர் நம்புகிறார்கள். போகாது. சாதாரண ஆண்ட்ராய்டில் விபிஎன் என்பது அந்தப் போனில் இருக்கும் ஆப்களுக்கு மட்டும். ஹாட்ஸ்பாட்டில் சேர்ந்த லேப்டாப்பின் தரவு நேராக சிம் நிறுவனத்தின் வழியே வெளியேறும்.

பாலக்கோட்டில் ஒரு போனில் விபிஎன்னின் ஜெர்மனி சர்வரைத் தேர்ந்தெடுத்து, நம் ஐபி முகவரியைக் காட்டும் ifconfig.co தளத்தைத் திறந்தால் ஜெர்மனி முகவரி வரும். அதே ஹாட்ஸ்பாட்டில் இருக்கும் லேப்டாப்பில் திறந்தால் சிம் நிறுவனத்தின் முகவரிதான் வரும். ஆகவே விபிஎன் ஆப்பை லேப்டாப்பிலேயே நிறுவ வேண்டும்.

நிறுவிய பிறகும் ஒரு ஓட்டை மிஞ்சலாம். நம் மொபைல் நெட்வொர்க்குகள் பலவற்றில் பழைய ஐபிவி4 முகவரியோடு ஐபிவி6 முகவரியும் கிடைக்கிறது. விபிஎன் ஐபிவி4-ஐ மட்டும் சுமந்து ஐபிவி6-ஐத் தடுக்காமல் விட்டால், கூகுள் போல ஐபிவி6-இல் இயங்கும் தளங்களுக்கு உண்மை முகவரியே போய்ச் சேரும். விபிஎன் ஆப் மட்டும் ‘இணைந்துவிட்டது’ என்றே பச்சை காட்டிக்கொண்டிருக்கும். விபிஎன் ஓடும்போது விண்டோஸ் கமாண்ட் பிராம்ப்டில் இதை அடித்துப் பாருங்கள்:

```
curl -4 https://ifconfig.co
curl -6 https://ifconfig.co
```

முதல் வரிக்கு விபிஎன் சர்வரின் முகவரி வர வேண்டும். இரண்டாவதற்கு இணைப்புப் பிழை வந்தால் நல்லது. விபிஎன் தரும் ஐபிவி6 முகவரி வந்தாலும் சரி. விபிஎன்னை நிறுத்திவிட்டு அடிக்கும்போது வரும் அதே முகவரி வந்தால் கசிகிறது என்று பொருள். ஆப்பில் ஐபிவி6 கசிவைத் தடுக்கும் அமைப்பைப் போடுங்கள். அது இல்லாத ஆப் என்றால், வைஃபை அடாப்டரின் Properties-இல் Internet Protocol Version 6 (TCP/IPv6) என்ற டிக்கை எடுத்துவிடலாம்.

இது சரியான பின் லேப்டாப்பின் இணையப் பயன்பாட்டில் சிம் நிறுவனத்துக்குப் பொதுவாகத் தெரிவது மூன்றுதான்: எந்த விபிஎன் சர்வரோடு பேசுகிறீர்கள், எந்நேரம், எவ்வளவு தரவு. விபிஎன் இல்லாமலும், தரவைப் பூட்டி அனுப்பும் எச்டிடிபிஎஸ் தளத்தில் நீங்கள் படித்த பக்கம் அவர்களுக்குத் தெரியாது, தளத்தின் பெயர் மட்டும் தெரியும். விபிஎன் மறைப்பது அந்தப் பெயரைத்தான். ஆனால் அதே பெயர் இப்போது விபிஎன் நிறுவனத்தின் கண்ணில் படும். எனவே யாருடைய விபிஎன் என்பதை விலையைவிட முதலில் பார்க்க வேண்டும். விபிஎன் நிறுவனங்கள் சந்தாதாரர் விவரங்களை 5 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்று இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் உத்தரவிட்டதும் சில நிறுவனங்கள் இந்தியாவிலிருந்த சர்வர்களை எடுத்துவிட்டன.

தளங்களின் கதை வேறு. கூகுள் கணக்கில் உள்நுழைந்திருந்தால் முகவரி ஜெர்மனி என்றாலும் ஆள் நீங்கள்தான். பழைய குக்கீயும் அப்படியே இருக்கும். பிரவுசர் இந்திய நேர மண்டலத்தைத் தளத்துக்குச் சொல்லும். இருப்பிட அனுமதி கொடுத்திருந்தால், போனின் ஜிபிஎஸ் பாலக்கோட்டில் நிற்கும் தெருவையே காட்டிவிடும். விபிஎன் அதைத் தொடுவதே இல்லை. அந்த அனுமதியைப் பிரவுசர் அமைப்புகளில் தளம் தளமாகப் பார்த்து நீக்க வேண்டும்.