எந்த டீத்தூள் கட்டுப்படியாகும்? எங்கள் வீட்டுக் கணக்கு

திருச்சியில் எங்கள் வீட்டில் பெரியவர்கள் நான்கு பேர். அத்தை, மாமா, வீட்டுக்காரர், நான். காலையிலும் சாயங்காலமும் நான்கு பேருக்கும் டீ உண்டு. நடுவில் மாமாவுக்கு ஒன்று, யாராவது வந்தால் அவர்களுக்கு. ஆக ஒரு நாளைக்குப் பத்து கப், மாதத்துக்கு 300 கப் என்று வைத்துக்கொள்ளலாம். சில வருடங்களாக டீத்தூளை மாற்றி மாற்றி வாங்கி, பாக்கெட் பிரித்த தேதியை அதன் மேலேயே எழுதி வைத்து, சமையலறைத் தராசில் நிறுத்துப் பார்த்து வந்திருக்கிறேன். கிலோ விலையைப் பார்த்து எது மலிவு என்று முடிவு செய்யவே முடியாது என்பது அதில் தெளிவாகத் தெரிந்தது.

முதலில் தூளின் ரகம். நம் ஊர்க் கடைகளில் கிடைப்பதில் பெரும்பகுதி சி.டி.சி. தூள்தான். கொழுந்தைப் பல் வைத்த உருளைகளுக்கு நடுவே விட்டு நசுக்கி, கிழித்து, சுருட்டி எடுக்கிற முறை அது. புளிக்கவிட்டு உலர்த்திய பிறகு சல்லடையில் சலிக்கிறார்கள். பெரிய குருணை ‘லீஃப்’ என்று தனியாகப் போகும். பி.பி., பி.ஓ.பி. என்பதெல்லாம் அந்த வகை. அதைவிடப் பொடியானது ‘டஸ்ட்’. குன்னூர் ஏலத்துக்கு வருகிற மூட்டைகளில் பி.டி., எஸ்.ஆர்.டி., எஸ்.எஃப்.டி. என்று இருப்பவை டஸ்ட் வகைகள். இதில் கவனிக்க வேண்டியது, இந்தப் பெயர்கள் குருணையின் அளவைத்தான் சொல்கின்றன. நல்ல தோட்டத்து டஸ்ட், சுமாரான தோட்டத்து லீஃபைவிடப் பல மடங்கு நன்றாக இருக்கும். டஸ்ட் என்றால் கூட்டிப் பெருக்கி அள்ளியது என்று நினைக்கிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். ஒரே கொழுந்துதான், சல்லடைக் கண்தான் வேறு.

பொடியாக இருப்பதால் டஸ்ட்டில் தண்ணீர் படுகிற பரப்பு அதிகம். இரண்டு மூன்று நிமிடக் கொதியிலேயே நிறமும் கடுப்பும் இறங்கிவிடும். லீஃபுக்கு நான்கைந்து நிமிடம் வேண்டும், ஆனால் மணம் சற்றுத் தூக்கலாக இருக்கும். டீக்கடையில் துணிப் பையில் தூளைப் போட்டு வெந்நீர் ஊற்றி உடனே டிகாஷன் இறக்குகிறார்களே, அது டஸ்ட் இருப்பதால்தான் சாத்தியம்.

இனி ஸ்பூன் விஷயம். கடையில் தூளை எடை போட்டு வாங்குகிறோம், அடுப்படியில் ஸ்பூனால் அளந்து போடுகிறோம். டஸ்ட் நெருக்கமாக உட்காரும், லீஃப் குருணைகளுக்கு நடுவே காற்று இருக்கும். எங்கள் வீட்டு டீ ஸ்பூனைத் தலை தட்டி நிறுத்தால் டஸ்ட் 2.2 கிராம் வருகிறது, லீஃப் 1.6 கிராம்தான். குவித்து எடுத்தால் டஸ்ட் 3 கிராமைத் தாண்டிவிடும். அதனால் லீஃப் வாங்கிப் பழகிய வீட்டில் டஸ்ட்டுக்கு மாறும்போது அதே ஸ்பூன் கணக்கில் போட்டால் டீ கசக்கும், பாக்கெட்டும் சீக்கிரம் காலியாகும். ‘இந்தத் தூள் ரொம்பக் கடுப்பு’ என்று பழி தூள் மேல் விழும்.

கடுப்பை ஒப்பிட, டீ ருசி பார்ப்பவர்களுக்கென்று சர்வதேசத் தரமுறை ஒன்று இருக்கிறது. 100 மில்லி வெந்நீருக்கு 2 கிராம் தூள், மூடி வைத்து 6 நிமிடம். பால், சர்க்கரை கிடையாது. நான்கு டம்ளர்களை வரிசையாக வைத்து இப்படிச் செய்து பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். நிறம் செம்பழுப்பாகப் பிரகாசமாக இருக்கிறதா, மங்கிக் கறுத்திருக்கிறதா, நாக்கின் ஓரத்தில் சுருக்கென்று துவர்க்கிறதா, வெறும் கசப்பு மட்டும் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். அதன் பிறகுதான் பால் சேர்த்து, நம் வீட்டு டீ மாதிரி வருவதற்கு ஒவ்வொரு தூளும் எத்தனை கிராம் வேண்டியிருக்கிறது என்று பார்த்தேன். பாலில் இருக்கும் புரதம் துவர்ப்பைப் பிடித்துக்கொள்ளும். வெறும் டிகாஷனில் ஜோராக இருக்கும் தூள் பால் ஊற்றியதும் சப்பென்று ஆகிவிடலாம், அதனால் இரண்டாவது சோதனை கட்டாயம் வேண்டும்.

எங்கள் கப் 120 மில்லி. அதில் வந்த கணக்கு இது. கிலோ 400 ரூபாய்க்கு வாங்கிய பாக்கெட் டஸ்ட் ஒரு கப்புக்கு 2 கிராம் போதும், 80 காசு. கிலோ 520 ரூபாய் லீஃப் 2.6 கிராம் வேண்டும், 1.35 ரூபாய். கடைத்தெருவில் கிலோ 260 ரூபாய்க்கு வாங்கிய உதிரித் தூள் 3 கிராம் போட்டால்தான் நிறம் வருகிறது, 78 காசு. நீலகிரித் தோட்டத்துத் தூள் ஒன்று, கிலோ 560 ரூபாய், நயமான டஸ்ட். அது 1.7 கிராமிலேயே நிற்கிறது, 95 காசு.

260 ரூபாய்த் தூளும் 400 ரூபாய்த் தூளும் கப் கணக்கில் ஏறக்குறைய ஒரே காசு என்பதை இங்கே பாருங்கள். கிலோவுக்கு 140 ரூபாய் மிச்சம் என்று வாங்கினால், கப்புக்கு மிஞ்சுவது இரண்டு காசு. காரணம் எளிது. அந்த உதிரித் தூளைத் தண்ணீரில் போட்டால் வெளிர் பழுப்பு நார்கள் மேலே மிதக்கும். தண்டும் நாரும் எடைக்கு உண்டு, சாறுக்கு இல்லை. உள்ளங்கையில் பரப்பி லேசாக ஊதினாலே அவை பறப்பது தெரியும்.

இப்போது பாலைச் சேர்த்துப் பார்க்கலாம். கப்புக்கு 70 மில்லி பால், லிட்டர் 60 ரூபாய் என்றால் 4.20 ரூபாய். சர்க்கரை 8 கிராம், கிலோ 45 ரூபாய் விலையில் 36 காசு. அதாவது ஐந்தரை ரூபாய் டீயில் தூளின் பங்கு ஒரு ரூபாய்கூட இல்லை. தூளில் மிச்சம் பிடிக்கப் போய்ப் பாலில் விடுவதுதான் நிறைய வீடுகளில் நடக்கிறது என்று நினைக்கிறேன். நாரான தூளை நிறம் வரட்டும் என்று ரொம்ப நேரம் கொதிக்கவிட்டால் துவர்ப்பு ஏறும், அதை அடக்கப் பால் கூடுதலாக ஊற்ற வேண்டும், சர்க்கரையும் கூடும். நயமான டஸ்ட்டில் எங்களுக்கு 60 மில்லி பாலே போதுமாக இருந்தது. 10 மில்லி பால் என்றால் 60 காசு. தூளில் கூடுதலாகக் கொடுத்த 15, 17 காசை அது விழுங்கிவிடுகிறது. கெட்டியான பால் டீதான் வேண்டும் என்கிற வீட்டில் இந்தக் கணக்கு பொருந்தாது, அங்கே 80 காசு டஸ்ட்டே சரி.

அடுத்தது, உண்மையில் எவ்வளவு தூள் செலவாகிறது என்பது. கப்புக்கு 2 கிராம், 300 கப் என்றால் மாதம் 600 கிராம் ஆக வேண்டும். பாக்கெட் மேல் எழுதிய தேதிகளோ வேறு சொல்லின. கால் கிலோ பாக்கெட் மூன்றரை காலியாகியிருந்தது, 875 கிராம். கப்புக்கு ஏறக்குறைய 3 கிராம். கணக்குக்கு மேல் போன 275 கிராம், விலையில் 110 ரூபாய். ரகம் மாற்றி மிச்சப்படுத்துவதைவிட இது பெரிய தொகை.

அந்த 275 கிராம் எங்கே போனது என்று கவனித்துப் பார்த்தேன். பெரும்பகுதி குவித்த ஸ்பூனில். அடுத்தது ஒற்றை டீ. நான்கு கப்புக்கு 8 கிராம் போடுகிற கை, மாமாவுக்குத் தனியாகப் போடும்போது ஒரு முழு ஸ்பூனும் அதன் மேல் ஒரு சிட்டிகையும் போடுகிறது. சின்னப் பாத்திரத்தில் தண்ணீர் வேகமாகச் சுண்டும் என்பதால் மறுபடி தண்ணீர் விட்டு மறுபடி தூளும் போடுவது நடக்கும். மூன்றாவது, காலையில் இறங்கிய சக்கையின் மேலேயே தண்ணீர் ஊற்றிப் புதுத் தூள் தூவுவது. டஸ்ட் முதல் கொதியிலேயே பெரும்பாலும் எல்லாவற்றையும் கொடுத்துவிடும். பழைய சக்கையில் மிஞ்சுவது துவர்ப்புதான், அதனால் ருசி போதவில்லை என்று தூள் கூடுதலாக விழுகிறது.

“ஏம்மா, டீத்தூள தராசுல நிறுத்தா டீ வரும்? கை அளவுதான் வரும்” என்றார் அத்தை. தினமும் நிறுக்க யாருக்கும் நேரமில்லை, அது உண்மை. அதனால் டப்பாவுக்குள் பழைய மருந்து பாட்டிலோடு வந்த சின்ன அளவு மூடி ஒன்றைப் போட்டு வைத்தோம். தலை தட்டினால் அதில் டஸ்ட் 4 கிராம், இரண்டு கப்புக்குச் சரி. அத்தையின் கைக்கு அது பழகிய பிறகு மாதத் தூள் 650 கிராமுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. விருந்தினர் வருகிற மாதங்களில் கூடும், அது இயல்பு.

இந்த அளவுகள் அப்படியே உங்கள் வீட்டுக்கு வரும் என்று சொல்ல மாட்டேன். முக்கியமான தடை தண்ணீர். காவிரித் தண்ணீரில் செம்மையாக இறங்கும் அதே தூள், போர் தண்ணீரில் மங்கலாகி, ஆறும்போது மேலே ஆடை மாதிரி ஒரு பழுப்புப் படலம் கட்டும். உப்புத் தண்ணீர் உள்ள ஊரில் லீஃபின் மணத்துக்குக் கொடுக்கிற காசு வீண்தான், டஸ்ட் ஓரளவு தாங்கும். இன்னொன்று, தூள் ஈரத்தை இழுக்கும். அடுப்புப் பக்கத்தில் திறந்து மூடுகிற ஒரு கிலோ பாக்கெட், பாதிக்குக் கீழே போகும்போது மணம் இழந்து கப்புக்கு இன்னும் கால் கிராம் கேட்கும். டஸ்ட்டில் இது சீக்கிரம் நடக்கும். அதனால் கிலோ பாக்கெட்டில் கிடைக்கிற பத்து இருபது ரூபாய்த் தள்ளுபடியை நான் பார்ப்பதில்லை. பேக்கிங் தேதி பார்த்து அரைக் கிலோ வாங்கி, காற்றுப் புகாத எவர்சில்வர் டப்பாவில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக்கொள்கிறோம்.

உதிரித் தூள் வாங்குகிறவர்கள் ஒரு காரியம் செய்யுங்கள். வெள்ளை வடிதாளில் தூளைப் பரப்பித் தண்ணீர் தெளித்து, சற்று நேரம் கழித்துத் தூளைக் கழுவிவிட்டு, தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நல்ல தூள் என்றால் கறை பெரிதாக இருக்காது. ஆரஞ்சாகவோ கருஞ்சிவப்பாகவோ பளிச்சென்று கறை பிடித்தால் சாயம் சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். அந்தக் கடையில் திரும்ப வாங்க வேண்டாம்.

இப்போது எங்கள் டப்பாவில் இருப்பது மூன்று பங்கு 400 ரூபாய் டஸ்ட், ஒரு பங்கு லீஃப். இரண்டையும் வாங்கியதுமே கலந்துவிடுகிறேன். கிலோ 430 ரூபாய் விழுகிறது. கப்புக்கு 2.1 கிராம், 90 காசு. கடுப்பு டஸ்ட்டிலிருந்தும் மணம் லீஃபிலிருந்தும் வருகிறது. பொடி டப்பாவின் அடியில் தங்கும் என்பதால், அளவு மூடியை விடுவதற்கு முன்னால் டப்பாவை ஒரு தடவை குலுக்க வேண்டும்.