சிபாப் மிஷினின் பச்சை முகமும் என் காலை சுகரும்

"உன் சிபாப் மிஷின் மாதிரி நானும் வாங்கினால் சுகர் குறையுமா?" என்று நண்பர் கேட்டார். அவருக்கும் சர்க்கரை நோய் உண்டு, குறட்டையும் உண்டு. தூங்கும்போது தொண்டை அடைத்து மூச்சு தடைபடாமல் இருக்க, மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பும் மிஷின்தான் இந்தச் சிபாப். குறைய வாய்ப்பு உண்டு; ஆனால் காலையில் திரையில் வரும் அந்தப் பச்சைச் சிரிப்பு முகத்தை நம்பக்கூடாது. என் எரிச்சல் முழுக்க அதன் மேல்தான்.

தூக்கத்தில் மூச்சைக் கண்காணிக்கும் ஸ்லீப் ஸ்டடி சோதனையில் எனக்கு மணிக்கு 34 முறை மூச்சு தடைபட்டது. 30க்கு மேல் போனாலே கடுமையான வகை. மிஷின் வந்தபின் திரையில் அந்த எண் 2, 3 என்று இறங்கியது. பகல் தூக்கமும் தலைவலியும் போயின. அதற்காக மிஷினை எவ்வளவு புகழ்ந்தாலும் தகும். ஆனால் வெறும் வயிற்று சுகர் மட்டும் அசையவில்லை. படுக்கும்போது 130, எழுந்தால் 165. மாத்திரை அதே, சாப்பாடும் அதே.

காரணம், மிஷினின் விரிவான ரிப்போர்ட்டைத் திறந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. இரவு 11 மணிக்கு மாட்டிய மாஸ்க் பெரும்பாலான நாட்களில் மூன்றரை மணிக்கே கழன்றிருந்தது. சிறுநீர் கழிக்க எழுந்தால் மாஸ்கைக் கழற்றுவேன். திரும்ப மாட்டினால் ஓரத்தில் காற்று கசிந்து கண்ணில் அடிக்கும், கடுப்பில் அப்படியே தூங்கிவிடுவேன். மிஷினுக்கோ 4 மணி நேரம் ஓடினாலே பச்சை முகம்தான். அந்த 4 மணி நேரம், ஒழுங்காகப் பயன்படுத்துகிறோமா என்று பார்க்க இன்சூரன்ஸ்காரர்கள் வைத்துக்கொண்ட அளவு. சுகருக்காக வைத்தது அல்ல. இன்னொன்று, திரையில் வரும் அந்த 2, 3 எல்லாம் மாஸ்க் முகத்தில் இருந்த நேரத்துக்கான கணக்கு மட்டுமே. கழற்றிய பிறகு நடந்தது எதுவும் அதற்குத் தெரியாது.

கழற்றிய பிறகுதான் பெரிய ஆட்டமே. கனவு வரும் ரெம் தூக்கத்தில் பெரும்பகுதி விடியலை ஒட்டித்தான் வருகிறது. அப்போது தொண்டைத் தசைகள் மிகவும் தளர்வதால், தடை நீளமாகி ஆக்சிஜனும் ஆழமாக இறங்கும். ஒவ்வொரு தடையின் முடிவிலும் உடம்பு பதறி விழித்து அட்ரினலினைக் கொட்டும். கல்லீரல் சர்க்கரையை வெளியே விடும், இன்சுலினும் சரியாக வேலை செய்யாது. இரவில் அடிக்கடி சிறுநீர் வருவதை எல்லாரும் சுகர் தலையில் போடுகிறோம். மூச்சுத்தடையாலும் அது வரும்.

சரி, விடியலில் சுகர் ஏறுவது மூச்சுத்தடை இல்லாத சர்க்கரை நோயாளிக்கும் நடப்பதுதானே? அதனால் சுகரைத் தொடர்ந்து அளக்கும் ஒட்டும் சென்சார் போட்டு, மாஸ்க் கடைசிவரை நின்ற இரவுகளையும் பாதியில் கழன்ற இரவுகளையும் தனித்தனியாகப் பார்த்தேன். நின்ற இரவுகளில் லேசான ஏற்றம்தான் இருந்தது. கழன்ற இரவுகளில் நாலு மணியிலிருந்து கோடு செங்குத்தாக ஏறியது.

அப்புறம் மாஸ்கோடு சண்டை. முக எண்ணெய் பட்டு சிலிக்கோன் குஷன் தளர்ந்திருந்தது. ரெம் தூக்கத்தில் தானியங்கி மிஷின் அழுத்தத்தைக் கூட்டும்போது கசிவும் கூடும். ஸ்ட்ராப்பை இறுக்கினால் குஷன் நசுங்கி இன்னும் மோசமாகும். விற்றவர் உட்காரவைத்து அளவு பார்த்துத் தந்திருந்தார். படுத்த நிலையில், காற்று ஓடும்போது பார்த்திருக்க வேண்டும். புதுக் குஷன், அதுவும் ஒரு அளவு சின்னது, போட்டபின் கசிவு பெருமளவு அடங்கியது. இரவில் எழுந்தால் மாஸ்கைக் கழற்றாமல் குழாயை மட்டும் பிடுங்கிவிட்டுப் போகலாம் என்பதையும் யாரும் சொல்லித்தரவில்லை.

இப்போது காலை சுகர் 140 பக்கம். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் HbA1c 7.9லிருந்து 7.5 ஆனது, அவ்வளவுதான். மருந்தை நிறுத்தும் அளவுக்கு ஒன்றுமில்லை, எடையும் குறையவில்லை. ஆய்வுகளிலும் இதே கதைதான்: நோயாளிகள் வீட்டில் அரைகுறையாக மாட்டிய ஆய்வுகளில் சராசரி அதிகம் அசையவில்லை, ஆய்வகத்தில் கண்காணித்து இரவு முழுக்க மாட்டவைத்தபோது சர்க்கரை குறைந்தது. இன்சுலின் போடுபவர்கள் ஆரம்ப வாரங்களில் அடிக்கடி சோதித்துக்கொள்ளுங்கள், சுகர் தாழ்ந்தால் டோஸை மருத்துவரோடு பேசி மாற்றுங்கள்.

நண்பருக்கு என் பதில்: முதலில் ஸ்லீப் ஸ்டடி எடு, தடை இருந்தால் மிஷினை வாங்கு, மணிக்கணக்கை ரிப்போர்ட்டில் பார். எனக்கு இது இல்லாமல் இனி தூங்க முடியாது. ஆனாலும் ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம்தான் தருவேன். நேற்றும் நாலு மணிக்குக் கண்ணில் காற்றடித்தது, காலையில் அந்த முகம் சிரித்தது.