கண்டெய்னர் எப்போது வரும் என்று தெரியாதபோது: இருப்பைக் கூட்டுவதா, விமானத்தில் வரவழைப்பதா?

7, 7, 8, 7, 13, 8, 7, 14, 7, 12.

ஒரே துறைமுகத்தில் ஏறி ஒரே வழியில் வந்த பத்துக் கண்டெய்னர்கள், ஆர்டர் போட்ட நாளிலிருந்து கிடங்கு அலமாரிக்கு வர எடுத்துக்கொண்ட வாரங்கள் இவை. கணக்குக்காக நான் அமைத்த எண்கள்தான். ஆனால் கப்பல் சரக்கைக் கையாண்டவர்களுக்கு இந்த உருவம் பழகியதாகவே இருக்கும். சராசரி 9 வாரம். ஆனால் பத்தில் ஒன்றுகூட ஒன்பதாம் வாரத்தில் வரவில்லை. ஒன்று, ஏழு எட்டு வாரத்தில் வந்துவிடுகிறது. இல்லையென்றால் பன்னிரண்டு வாரமோ அதற்கு மேலோ ஆகிறது. இந்த இடைவெளிதான் பஃபர் ஸ்டாக், அதாவது பாதுகாப்பு இருப்பு, எவ்வளவு என்ற முடிவைச் சிக்கலாக்குகிறது.

பொருள் ஒரு இயந்திர உதிரிபாகம் என்று வைத்துக்கொள்வோம். வாரத்துக்குச் சராசரியாக 100 போகும், அதில் 20 அளவுக்கு ஏற்ற இறக்கம். ஒரு தடவைக்கு 1500 ஆர்டர் போடுகிறோம். அதாவது ஆண்டுக்கு மூன்றரை தடவை. பொருளின் விலை 100 என்றால், ஒன்றை ஓர் ஆண்டு அலமாரியில் வைத்திருக்க வட்டி, இடம், காப்பீடு, பழசாகிப்போகும் அபாயம் எல்லாம் சேர்த்து 24 ஆகிறது.

முதலில் எல்லோரும் எடுக்கும் சூத்திரத்தையே எடுப்போம்:

```
SS = z × √( L·σd² + d²·σL² )
```

SS என்பது பாதுகாப்பு இருப்பு, L என்பது ஆர்டரிலிருந்து அலமாரி வரையான சராசரி லீட் டைம், d வாரத் தேவை, இரண்டு σ-வும் அவற்றின் ஏற்ற இறக்கம். 95 சதவீதப் பாதுகாப்புக்கு z = 1.65. கண்டெய்னர் ஒவ்வொரு முறையும் சரியாக ஒன்பதாம் வாரத்தில் வந்தால் பாதுகாப்பு இருப்பு 99 போதும். நம் பத்து எண்களின் ஏற்ற இறக்கத்தை (ஏறக்குறைய 2.83 வாரம்) உள்ளே விட்டால் அதே கணக்கு 477 என்கிறது. சராசரி மாறவில்லை, தேவையும் மாறவில்லை. நிச்சயமின்மை ஒன்றுதான் ஐந்து மடங்காக்கியிருக்கிறது.

"தாமதம்" என்ற ஒரே சொல்லில் இரண்டு வேறு நோய்கள் இருக்கின்றன. 2023 கடைசியில் செங்கடல் ஆபத்தானபோது பல கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போகத் தொடங்கின. ஆசியா–ஐரோப்பா பயணம் ஏறக்குறைய 10 முதல் 14 நாள் கூடியது. ஆரம்பத்தில் அது நிச்சயமின்மை. கப்பல் நிறுவனங்கள் அந்தச் சுற்றையே அட்டவணையில் ஏற்றிவிட்ட பிறகு, பெரும்பாலும் அது வெறும் நீளம். நீளத்துக்கு மருந்து முன்கூட்டி ஆர்டர் போடுவது. அதற்கு அலமாரி நிறைய வேண்டாம். பஃபர் தேவைப்படுவது நிச்சயமின்மைக்கு. இதைப் பிரிக்காமல் "எல்லாப் பொருளுக்கும் 30 சதவீதம் கூட்டு" என்று உத்தரவு போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கிடங்கு நிரம்பும், தீர்ந்துபோகிற பொருள் மட்டும் அப்படியே தீர்ந்துபோகும்.

சரி, 477-ஐ நம்பலாமா? இருப்பு எவ்வளவுக்கு இறங்கும்போது அடுத்த ஆர்டர் போடுவது என்ற மறு ஆர்டர் புள்ளி 900 + 477 = 1377 ஆகிறது. 12, 13 வாரத்தில் வருவதை அது பெரும்பாலும் தாங்கும், 14 வாரத்தைப் பாதி நேரம்கூடத் தாங்காது. மொத்தத்தில் 92 சதவீதம் வரும். மோசமில்லை. ஆனால் சூத்திரம் லீட் டைமை ஒரு மணி வடிவமாக, நடுவில் குவிந்ததாக எண்ணிக்கொள்கிறது. நம் எண்களில் நடுவே பள்ளம். அதனால் "கொஞ்சம் குறைத்தால் என்ன ஆகும்?" என்று கேட்டால் சூத்திரத்தின் பதில் தவறாகிவிடும். 90 சதவீதம் போதும் என்று z-ஐ 1.28 ஆக்கிப் பாருங்கள். புள்ளி 1270-க்கு இறங்கும். உண்மையில் கிடைப்பது 82 சதவீதம்தான்.

ஆகவே சூத்திரத்தை ஓரமாக வைத்துவிட்டு, கையில் உள்ள வழிகளை நேருக்கு நேர் நிறுத்துவோம்.

ஒரு பக்கம், 950-இல் ஆர்டர் போடுவது. ஏழு எட்டு வாரத்தில் வருகிற ஏழு கண்டெய்னர்களுக்கு இது தாராளம். தாமதமாகிற மூன்றுக்கு, குறையும் அளவை மட்டும் விமானத்தில் வரவழைப்பது. மறுபக்கம், 1400-இல் ஆர்டர் போட்டு, பதினான்கு வாரத்தையும் அலமாரியிலேயே தாங்குவது. வித்தியாசம் 450 உதிரிபாகம், ஆண்டு முழுக்க உட்கார்ந்திருக்கும். அதன் செலவு 10,800. விமானத்துக்கு ஒன்றுக்குக் கூடுதலாக 30 ஆகிறது என்றால், தாமதமான ஒரு முறைக்குச் சராசரியாக 350 வேண்டும் (12 வாரத்துக்கு 250, 13-க்கு 350, 14-க்கு 450). ஆண்டுக்கு மூன்றரை ஆர்டரில் பத்துக்கு மூன்று தாமதம் என்றால் ஏறக்குறைய ஒரு முறை. செலவு 11,000 பக்கம்.

இரண்டும் ஏறக்குறைய சமம். இங்கேதான் பெரும்பாலான கூட்டங்கள் முடிகின்றன. யார் குரல் ஓங்குகிறதோ அந்த வழி.

ஆனால் 450-ஐ ஒரே மூட்டையாகப் பார்க்க வேண்டியதில்லை. அடுக்கடுக்காகப் பிரித்து, ஒவ்வொரு அடுக்கையும் "நீ ஆண்டுக்கு எத்தனை முறை கைகொடுப்பாய்?" என்று கேளுங்கள். 950-க்கு மேலே உள்ள முதல் 250, மூன்று தாமதங்களிலும் பயன்படும்: ஆண்டுக்கு 1.05 முறை. ஒன்றை வைத்திருக்க 24 ஆகிறது. ஆக விமானத்தின் கூடுதல் செலவு 23-க்கு மேல் போனால் அதை வைத்திருப்பதே லாபம். அடுத்த 100, பதின்மூன்றும் பதினான்கும் வரும்போது மட்டும்: 0.7 முறை. அதற்கு எல்லை 34. கடைசி 100, பத்தில் ஒரே ஒரு கண்டெய்னருக்காக: 0.35 முறை. அதை நியாயப்படுத்த விமானச் செலவு 69-ஐத் தாண்ட வேண்டும்.

நம் எடுத்துக்காட்டில் அது 30. ஆக முதல் அடுக்கை வைத்திருங்கள், மீதியை விமானத்துக்கு விடுங்கள்: மறு ஆர்டர் புள்ளி 1200. ஆண்டுச் செலவு 9,200 பக்கம் வரும். இரண்டு ஓரங்களையும்விடக் குறைவு. பொருள் சின்னதாய், இலேசாய் இருந்து விமானத்துக்கு 15 தான் என்றால் கூடுதல் இருப்பே வேண்டாம். வார்ப்பிரும்பு மாதிரிக் கனத்து 80 ஆனால் மூன்று அடுக்கும் வேண்டும். தேவையின் ஏற்ற இறக்கத்தை இந்தக் கணக்கில் விட்டுவிட்டேன்; சேர்த்தால் எண்கள் கொஞ்சம் நகரும், வரிசை மாறாது.

இது செல்லுபடியாகாத இடம் ஒன்று உண்டு. ஒரு நாள் தீர்ந்தாலும் மூன்று வாரம் தீர்ந்தாலும் தண்டனை ஒன்றே என்றால், உதாரணமாகத் தவறவிட்ட ஒவ்வொரு ஒப்பந்தத்துக்கும் ஒரே அபராதம் என்றால், பாதி வழியில் நிற்பது வீண். 950-இல் முப்பது சதவீதம் தவறும். 1150-க்கு ஏற்றினாலும் இருபத்தேழு சதவீதத்துக்கு மேல் தவறத்தான் செய்யும். இருநூறு உதிரிபாகம் பள்ளத்துக்குள் போய் விழுகிறது. அப்போது ஒன்று முழுதாக ஏறுங்கள், இல்லை ஏறாதீர்கள்.

விமானம் என்று எளிதாகச் சொல்லிவிட்டேன். வழங்குநரிடம் தயார் சரக்கு இருந்தால், சொன்ன நாளிலிருந்து அலமாரிக்கு இரண்டு வாரம் என்று வைப்போம். 950 ஒன்பதரை வாரம் வரும். எனவே ஏழரையாம் வாரத்தில் முடிவு சொல்லியாக வேண்டும். அந்த நேரத்தில், எட்டாம் வாரம் வரப்போகும் கண்டெய்னரும் பதினான்காம் வாரம் வரப்போகும் கண்டெய்னரும் "இன்னும் வரவில்லை" என்ற ஒரே நிலையில்தான் இருக்கும். பயத்தில் விமானத்துக்குச் சொல்வோம், மறுநாள் கப்பல் சரக்கு வந்து நிற்கும். 1200 வைத்திருந்தால் கெடு பத்தாம் வாரம். அதற்குள் வராதது எதுவானாலும் அது தாமதப் பட்டியல்தான். முதல் அடுக்கின் பாதி மதிப்பு இந்தப் பொறுமைதான் என்பேன்; செலவுக் கணக்கில் அது தெரியாது.

950-உடனே ஓட்டத்தான் வேண்டும் என்றால், வந்துசேரும் தேதியை நம்பாமல் இரண்டு நிகழ்வுகளைக் கவனியுங்கள். ஒன்று, புறப்படும் துறைமுகத்தில் சொன்ன கப்பலில் ஏறியதா, அடுத்த கப்பலுக்குத் தள்ளிவிட்டார்களா. இன்னொன்று, கப்பல் மாற்றும் இடைத்துறைமுகமான டிரான்ஸ்ஷிப்மென்ட் துறைமுகத்தில் இறக்கிய பிறகு அடுத்த கப்பலின் பெயர் பதிவாகியிருக்கிறதா. கப்பல் கடலில் ஓடும் நாள்கள் அவ்வளவாக மாறுவதில்லை. வாரங்களைத் தின்பது கண்டெய்னர் தரையில் காத்திருக்கும் நேரம். இந்த இரண்டும் ஏழாம் வாரத்துக்கு வெகு முன்பே தெரிந்துவிடும்.

மூன்றாவது வழி என்று சிலர் சொல்வது, 1500-ஐ இரண்டாகப் பிரித்து இரண்டு கப்பலில் அனுப்புவது. இரண்டும் தாமதமாக வாய்ப்பு நூற்றுக்கு ஒன்பது என்று காகிதம் சொல்லும். இரண்டும் ஒரே டிரான்ஸ்ஷிப்மென்ட் துறைமுகத்தில் மாட்டினால் அந்தப் பெருக்கலுக்கு அர்த்தமில்லை. நிறுவனமும் இடைத்துறைமுகமும் வேறாக இருந்தால் மட்டும் யோசிக்கலாம். அதிலும் அரைக் கண்டெய்னர் அளவுக்குப் பிறர் சரக்கோடு சேர்த்து அனுப்பும்போது, சேர்க்கவும் பிரிக்கவும் தனி நாள்கள் போகும்.

எதை எடுத்தாலும் ஒரு சின்ன விஷயம்: விமானத்தில் வந்த 350 புதிய தேவை இல்லை, பின்னால் வரும் 1500-இலிருந்து முன்கூட்டி எடுத்தது. அடுத்த ஆர்டரில் அதைக் கழிக்காவிட்டால், தாமதக் கப்பல் வந்ததும் கிடங்கு வழியும். 2021-இன் தட்டுப்பாட்டில் பயந்து வாங்கிய பெரிய சில்லறை நிறுவனங்கள் சில, 2022-இல் தள்ளுபடி போட்டுச் சரக்கைத் தள்ள வேண்டியதாயிற்று.

அப்புறம், கூட்டியதை எப்போது இறக்குவது? தொடர்ந்து ஐந்து கண்டெய்னர் எட்டு வாரத்துக்குள் வந்துவிட்டது என்று உடனே இறக்கிவிடாதீர்கள். எதுவுமே சீராகாமல், பத்துக்கு மூன்று தாமதம் அப்படியே இருந்தாலும், ஐந்து தொடர்ந்து நேரத்துக்கு வர ஆறில் ஒரு வாய்ப்பு உண்டு. பத்து தொடர்ந்து வருவது நூற்றுக்கு மூன்றுக்கும் குறைவு. நான் பத்து வரை பொறுப்பேன். இடையில் இடைத்துறைமுகத்தையே விட்டு நேரடிக் கப்பல் கிடைத்துவிட்டால் பழைய பத்து எண்களைக் கிழித்துவிட்டு ஒன்றிலிருந்து எழுதத் தொடங்குவேன்.